சிறு நிறுவனத்தை வாங்கும் முன்: லாபம் 42 லட்சமா, 26 லட்சமா?

நடந்துகொண்டிருக்கும் ஒரு சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தால், “முதலில் விலையைப் பேசி முடித்துவிடுங்கள், கணக்கெல்லாம் பிறகு ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்பவர்களே அதிகம். வாங்கப்போகும் நிறுவனத்தை ஆராய்ந்து பார்ப்பதைக் குறிக்கும் டியூ டிலிஜென்ஸ் என்ற சொல்லையும் அவர்கள் சாதாரணமாகவே சொல்லிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வக்கீலும் ஆடிட்டரும் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தும் ஒரு சடங்கு அது என்பது பொதுவான எண்ணம்.

உண்மையில் அந்த ஆய்வுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. பத்திரங்கள், வழக்குகள், வரிப் பாக்கி, ஊழியர் ஒப்பந்தங்கள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது இரண்டாம் கட்டம். அது விலை பேசிய பிறகு நடக்கும், அதற்குத்தான் வக்கீலும் ஆடிட்டரும் வேண்டும். எந்த விலையை எழுதுவது என்பதையே தீர்மானிக்கும் முதல் கட்டம் முன்மொழிவுக்கு முன்பு நடக்க வேண்டியது. அதை வாங்குபவர்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை அந்த முதல் கட்டத்தைப் பற்றியது. அதை இங்கே ‘முன்னாய்வு’ என்று சொல்கிறேன்.

முன்மொழிவு என்பது, “இன்ன விலைக்கு, இன்ன நிபந்தனைகளோடு வாங்க விரும்புகிறேன்” என்று விற்பவருக்கு எழுதிக் கொடுக்கும் கடிதம். பெரும்பாலும் அதில் விலை இருவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ரகசியம் காப்பது, குறிப்பிட்ட காலம்வரை வேறு யாரிடமும் பேரம் பேசாமல் இருப்பது போன்ற சில உறுதிமொழிகள் மட்டுமே கட்டுப்படுத்தும். பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் எழுதிக் கொடுத்த விலை அன்றிலிருந்து விற்பவரின் மனதில் கைக்கு வந்துவிட்ட பணமாகிவிடும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஒரு காரணத்தைக் காட்டி இரண்டு மாதம் கழித்து விலையைக் குறைத்தால் பேச்சு முறியும். முறியாவிட்டாலும், தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டிய அந்த மனிதரின் நல்லெண்ணம் போய்விடும்.

## வாங்குவது எதை?

வாடகைக்காரர்கள் குடியிருக்கும் வீடு ஒன்றை வருமானத்துக்காக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சுவரின் வண்ணத்தைப் பார்த்து யாரும் விலை சொல்லமாட்டார்கள். சொல்லப்படும் வாடகை உண்மையிலேயே வருகிறதா? வீடு கைமாறிய பிறகும் குடியிருப்பவர்கள் இருப்பார்களா? அவர்களிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அவர்கள் காலி செய்யும்போது அதை யார் திருப்பிக் கொடுப்பது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் விலை.

சிறு நிறுவனத்திலும் அதே மூன்று கேள்விகள்தான். லாபம் உண்மையா? உரிமையாளர் போன பிறகும் அது வருமா? பழைய உரிமையாளர் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்ட பணத்துக்கு நான் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும்?

இவற்றை ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். அலுவலகக் கட்டடங்களில் உள்ள ஏசி கருவிகளைப் பராமரிப்பது அதன் தொழில். ஆண்டு விற்பனை 240 லட்சம். அதில் 80 லட்சம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது, அதற்கு வாடிக்கையாளர்கள் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுகிறார்கள். மீதி, பழுதுபார்ப்பும் உதிரிபாகங்களும். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும், கணக்கு மாறாது.

விற்பவர் ஒரு பக்கத் தாளை நீட்டுகிறார். அதில் லாபம் 42 லட்சம், விலை அதன் மூன்று மடங்கு, அதாவது 126 லட்சம்.

## 42 லட்சம் எப்படி வந்தது?

நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைத் திறந்தால் வரிக்கு முந்தைய லாபம் 18 லட்சம்தான். மீதி 24 லட்சமும் ‘திரும்பச் சேர்த்தல்’ மூலம் வந்தது. கணக்கில் செலவாக எழுதப்பட்டிருந்தாலும் புதிய உரிமையாளருக்கு இந்தச் செலவு இருக்காது என்று சொல்லி, அதை மறுபடியும் லாபத்தோடு கூட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். சிறு நிறுவனங்களின் விற்பனையில் இது வழக்கமான, நியாயமான நடைமுறை. கணக்கை மிகைப்படுத்த வசதியான இடமும் இதுவே.

விற்பவரின் தாளில் இப்படி இருக்கிறது:

- கணக்கில் உள்ள லாபம்: 18
- வங்கிக் கடனுக்கான வட்டி: 3
- தேய்மானம்: 6
- உரிமையாளர் எடுத்துக்கொண்ட சம்பளம்: 9
- குடும்பக் காரின் செலவு: 2
- ஒருமுறை மட்டும் நேர்ந்த பழுதுச் செலவு: 4

மொத்தம் 42. கணக்கு மொழியில் இது ‘உரிமையாளர் வருவாய்’. அதாவது, முழுநேரமும் உழைக்கும் ஒரே உரிமையாளருக்கு, கடன் தவணைக்கும் வருமான வரிக்கும் முன்பு, இந்தத் தொழில் ஓராண்டில் எவ்வளவு தருகிறது என்ற எண்.

ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்க வேண்டும். வட்டியைப் பற்றிப் பிரச்சினை இல்லை. பழைய கடனை விற்பவர் அடைத்துவிட்டுப் போவார். குடும்பக் காரின் எரிபொருள் ரசீதுகளும் காப்பீட்டுத் தாளும் இருக்கின்றன, தொழிலாளர்கள் அந்தக் காரைப் பயன்படுத்துவதில்லை. அதையும் ஏற்கலாம்.

பழுதுச் செலவுதான் இடிக்கிறது. மூன்று ஆண்டுகளின் மாதவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அந்தத் தலைப்பில் முந்தைய ஆண்டு மூன்றரை லட்சம், அதற்கும் முந்தைய ஆண்டு நாலரை லட்சம். ஒரு வருடம் வேன் எஞ்சின், மறு வருடம் கருவிகள், இந்த வருடம் கிடங்கின் கூரை. காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது, செலவு மாறவில்லை. ஆண்டுதோறும் வருகிற ‘ஒருமுறைச் செலவு’ செலவுதான். 4 லட்சத்தைக் கழிக்க வேண்டும்.

அடுத்து, தாளில் இல்லாதவற்றைத் தேட வேண்டும். இது முந்தையதைவிடக் கடினம், ஏனென்றால் இல்லாததை யாரும் காட்டமாட்டார்கள். கணக்கு எழுதுவது யார் என்று கேட்டால், உரிமையாளரின் மனைவி என்கிறார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை. நாளை அந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் ஆண்டுக்கு 3 லட்சம் ஆகும். கிடங்கு யாருடையது என்று கேட்டால், அதுவும் உரிமையாளருடையது. தன் நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 3 லட்சம்தான் வாடகை வாங்குகிறார், அந்த வட்டாரத்தில் அதே அளவு இடத்துக்கு 6 லட்சம். நிறுவனம் கைமாறிய பிறகும் பழைய வாடகைக்கே விடுவாரா? எழுதித் தந்தால் சரி. தராதவரை 3 லட்சத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆக 42 என்று ஆரம்பித்தது 32-க்கு வந்து நிற்கிறது. இதுவரை யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் வரும் பழுதை ஒருமுறைச் செலவு என்று நினைப்பதும், வீட்டார் உழைப்பையும் சொந்த இடத்தின் முழு வாடகையையும் கணக்கில் சேர்க்காததும்தான் அந்தப் பத்து லட்சம்.

## விற்பனை உண்மைதானா?

சிறு நிறுவனங்களின் கணக்குகள் பல நேரங்களில் தணிக்கை செய்யப்படுவதே இல்லை. கணக்காளர், உரிமையாளர் கொடுத்த எண்களை ஒழுங்குபடுத்தி அச்சிட்டுத் தந்திருப்பார். எனவே விற்பனைத் தொகையை வேறொரு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அதற்குச் சிறந்தது வங்கிக் கணக்கு அறிக்கை. இந்த ஒப்பீட்டைப் ‘பண ஒத்துப்பார்ப்பு’ என்று சொல்லலாம்.

முறை எளிது. ஆண்டின் தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் தர வேண்டியிருந்த பாக்கி 30 லட்சம். ஆண்டு விற்பனை 240. ஆண்டு முடிவில் வர வேண்டிய பாக்கி 36. அப்படியானால் வங்கிக்கு வந்திருக்க வேண்டியது 240-உடன் 30-ஐக் கூட்டி 36-ஐக் கழித்த தொகை, அதாவது 234 லட்சம். விற்பனை வரியைச் சேர்ப்பதானால் இரு பக்கமும் சேர்க்க வேண்டும், நீக்குவதானால் இரு பக்கமும் நீக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

வங்கி அறிக்கையில் பன்னிரண்டு மாத வரவு 246 லட்சம். கூடுதலாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். வரிவரியாகப் பார்த்தால், 3 லட்சம் நிறுவனத்தின் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய பணம். 9 லட்சம் உரிமையாளர் தன் சொந்தக் கையிலிருந்து போட்டது. இவற்றை நீக்கினால் 234. கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த 9 லட்சத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். லாபத்தில் ஓடும் நிறுவனத்துக்கு ஆண்டின் நடுவே உரிமையாளர் ஏன் பணம் போட வேண்டும்? விடை பின்னால் வருகிறது.

ஒத்துப்போகாவிட்டால் என்ன? “பாதி வியாபாரம் ரொக்கத்தில் நடக்கிறது, கணக்கில் காட்டவில்லை, உண்மையான லாபம் இதைவிட அதிகம்” என்று விற்பவர் குரலைத் தாழ்த்திச் சொல்லக்கூடும். இதற்கு என் பதில் ஒன்றுதான்: வரித் தாக்கலில் இல்லாத லாபத்துக்கு விலை தர வேண்டாம். அது உண்மையாக இருந்தால் அந்த வரிப் பாக்கி ஒருநாள் உங்கள் தலையில் விழலாம். பொய்யாக இருந்தால் இல்லாத ஒன்றுக்குப் பணம் தருகிறீர்கள்.

பண ஒத்துப்பார்ப்பு பிடிக்காத ஒன்றும் உண்டு. நம் நிறுவனத்தின் மாதவாரி விற்பனையைப் பார்த்தால், பதினொரு மாதங்கள் சராசரியாக 19.5 லட்சம், கடைசி மாதம் மட்டும் 25.5. முந்தைய இரண்டு ஆண்டுகளின் கடைசி மாதத்தில் இப்படி ஏற்றம் இல்லை. அந்த மாதத்து பில்களைக் கேட்டு வாங்கினால் விஷயம் புரியும். ஒரு பில்லின் தேதி 12-ஆம் மாதம் 22. அதில் எழுதியுள்ள பராமரிப்புக் காலம் தொடங்குவதோ அடுத்த ஆண்டு 3-ஆம் மாதம் 1. முன்கூட்டியே புதுப்பித்ததற்கு 8 சதவீதம் தள்ளுபடி. இப்படி மொத்தம் 6 லட்சத்துக்குப் பில்கள்.

வாடிக்கையாளர் உண்மை, பணமும் உண்மை, வங்கிக்கும் வந்துவிட்டது. ஆனால் அது அடுத்த ஆண்டு வேலைக்கான கட்டணம். இந்த ஆண்டு அதற்கென்று ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் திருகவில்லை, எனவே செலவே இல்லாமல் 6 லட்சமும் அப்படியே லாபத்தில் உட்கார்ந்திருக்கிறது. கழித்தால் 32 என்பது 26 ஆகிறது. ஆண்டுதோறும் இதே அளவு நடந்திருந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்திருக்கும். இந்த ஆண்டு மட்டும் என்பதால்தான் கழிக்கிறோம். பில்லின் தேதியையும் பராமரிப்புக் காலத்தின் தொடக்கத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இவ்வளவு தூரம் வந்தபோது உரிமையாளர் வருவாய் 42-லிருந்து 26 லட்சமாகிவிட்டது. அதே மூன்று மடங்கு என்றால் விலை 126 இல்லை, 78. வக்கீலோ ஆடிட்டரோ இன்னும் வரவில்லை. மூன்று ஆண்டுகளின் மாதவாரிக் கணக்கு, வரித் தாக்கல்கள், பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை, கடைசி மாதத்துப் பில்கள், இவை மட்டுமே வேண்டியிருந்தது.

## நீங்கள் உழைப்பீர்களா, ஆள் வைப்பீர்களா?

26 லட்சம் என்பது உரிமையாளரே முழுநேரம் உழைத்தால் கிடைப்பது. நீங்கள் வேறு வேலையில் இருந்துகொண்டு மேலாளர் ஒருவரை நியமிப்பதாக இருந்தால், அவருக்கு 10 லட்சம் போக 16-தான் மிஞ்சும். விற்பவர் கேட்ட 126 லட்சம் அப்போது கிட்டத்தட்ட எட்டு ஆண்டு வருமானம். மடங்கைப் பற்றிப் பேசும்போது எதன் மடங்கு என்று கேட்காதவர் ஏமாறுவார்.

தேய்மானத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். கையிலிருந்து போகாத செலவு என்று அதை 6 லட்சம் கூட்டியிருக்கிறோம். ஆனால் நிறுவனத்தின் வேன்கள் தேய்வது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லை. சராசரியாக ஆண்டுக்கு 5 லட்சம் புது வண்டிக்கும் கருவிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தை வாங்குவதற்காக ஐந்தாண்டுத் தவணையில், 10 சதவீத வட்டிக்கு 50 லட்சம் கடன் வாங்கினால் முதல் ஆண்டு அசல் 10, வட்டி ஏறக்குறைய 5. இப்போது 26-லிருந்து 5, 10, 5 என்று கழித்தால் மிச்சம் 6 லட்சம். வருமான வரியும் உங்கள் வீட்டுச் செலவும் அதற்குள்தான். 42 என்ற எண்ணை நம்பிக் கடன் வாங்கியவருக்கு இந்தக் கணக்கு முதல் ஆண்டு முடிவில் புரியும்.

## யாரை நம்பி ஓடுகிறது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: உரிமையாளர் போன பிறகும் இந்த 26 லட்சம் வருமா?

முதலில் வாடிக்கையாளர் பட்டியல். முன்மொழிவு தருவதற்கு முன்பே வாடிக்கையாளர் பெயர்களைக் காட்ட யாரும் விரும்பமாட்டார்கள், அது நியாயம்தான். போட்டியாளர் கையில் போனால் என்ன ஆவது? எனவே பெயர்களை மறைத்து, அ, ஆ, இ என்று குறியிட்டு, ஒவ்வொருவரிடமிருந்தும் மூன்று ஆண்டுகளாக வந்த தொகையை மட்டும் கேளுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு இதைத் தர மறுக்கும் விற்பவர் மிகக் குறைவு.

நம் நிறுவனத்தில் ‘அ’ என்ற வாடிக்கையாளர் பல கட்டடங்களை நிர்வகிக்கும் ஒரு நிறுவனம். ஆண்டுக்கு 65 லட்சம், அதாவது மொத்த விற்பனையில் 27 சதவீதம். இந்த விழுக்காட்டைச் சொன்னால் பலருக்கு அது பெரிதாகத் தோன்றாது. நான்கில் மூன்று பங்கு பாதுகாப்பாகத்தானே இருக்கிறது என்பார்கள்.

லாபத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். இந்தத் தொழிலில் 100 பெறுமான வேலைக்குத் தொழிலாளர் கூலியும் உதிரிபாகமும் சேர்ந்து 60 ஆகிறது. மிஞ்சும் 40-இல்தான் வாடகை, அலுவலகம், வண்டிகள் எல்லாம் நடந்து, லாபமும் வருகிறது. ‘அ’ போய்விட்டால் 65 லட்சமும், அதோடு அதற்கான 60 சதவீதச் செலவும் போகும். ஆனால் கிடங்கு வாடகை கால்பங்கு குறையாது, கணக்கு எழுதுபவரின் சம்பளமும் குறையாது. எனவே இழப்பு 65-இல் 40 சதவீதம்: 26 லட்சம். நாம் இவ்வளவு நேரம் சலித்து எடுத்த லாபம் முழுவதும் அந்த ஒரே வாடிக்கையாளரிடம் இருக்கிறது.

ஆகவே ‘அ’-வுடன் உள்ள ஒப்பந்தத்தைப் பெயரை மறைத்தாவது படித்துப் பார்க்காமல் விலை எழுதக் கூடாது. அதில் இரண்டு பிரிவுகளைத் தேட வேண்டும். ஒன்று, எத்தனை நாள் முன்னறிவிப்போடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது. மற்றொன்று, ‘உரிமை மாற்றப் பிரிவு’: நிறுவனம் கைமாறினால் வாடிக்கையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் அவர் விலகலாம் என்று சொல்லும் பிரிவு. நம் கதையில் முன்னறிவிப்பு 30 நாள், சம்மதமும் வேண்டும்.

அடுத்தது மனிதர்கள். விற்பவர் தன் தொழில் ‘தானாக ஓடுகிறது’ என்பார். அதைச் சோதிக்க ஒரு சாதாரணக் கேள்வி போதும்: கடந்த வாரம் வந்த பத்து வேலைகளுக்கு விலை சொன்னது யார்? பத்துக்கும் உரிமையாளரே சொல்லியிருந்தால் ஓடுவது தொழில் இல்லை, அவர்தான். அதேபோல், ஏசியின் குளிரூட்டி வாயுவைக் கையாளப் பல நாடுகளில் சான்றிதழ் கட்டாயம். அந்தச் சான்றிதழ்கள் யார் பெயரில் இருக்கின்றன? உரிமையாளர் பெயரில் மட்டும் என்றால், அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் நாளிலேயே வேலை நிற்கும்.

இந்தத் தொழிலுக்கே உரிய இன்னொன்றும் இங்கே சேரும். 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ், பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற வாயு உலகெங்கும் படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. பராமரிக்கப்படும் கருவிகளில் பாதி ஆர்-22 வகை என்றால், அவற்றுக்கு வாயு நிரப்பும் செலவு ஏறும். நிலையான ஆண்டுக் கட்டணத்துக்குள் அந்தச் செலவும் அடக்கமா என்று ஒப்பந்தங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் தொழிலை வாங்கினாலும் இப்படி அதற்கே உரிய ஒரு கேள்வி இருக்கும். அந்தத் துறையில் பத்தாண்டு இருந்த ஒருவரைக் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

## முன்பணம் வாங்கியவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர்

மூன்றாவது கேள்வி, வீட்டு உதாரணத்தில் வந்த அதே முன்பணம். நம் நிறுவனத்தில் இதுவே மிகப் பெரிய பொறி, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

ஒரு வாடிக்கையாளர் ஆண்டுப் பராமரிப்புக்கு 1.2 லட்சம் கட்டியிருக்கிறார். மூன்று மாதம் முடிந்த நிலையில் நிறுவனம் கைமாறுகிறது. இன்னும் ஒன்பது மாத வேலை பாக்கி, அதன் மதிப்பு 90 ஆயிரம். அந்தப் பணத்தை விற்பவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலையைச் செய்யப்போவது நீங்கள், கூலி தரப்போவதும் நீங்கள். எல்லா ஒப்பந்தங்களையும் தொடக்கத் தேதியோடு வரிசைப்படுத்தி, பாக்கி மாதங்களைக் கணக்கிட்டால், கைமாறும் நாளில் 34 லட்சம் பெறுமான வேலை மிச்சம் இருக்கிறது. அதைச் செய்து முடிக்க 60 சதவீதச் செலவு என்றால் சுமார் 20 லட்சம்.

சிறு நிறுவன விற்பனையில் வங்கியில் உள்ள ரொக்கத்தை விற்பவரே எடுத்துக்கொண்டு, கடனையும் அவரே அடைத்துவிட்டுப் போவது பொதுவான ஏற்பாடு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் முன்கட்டணம் வாங்கும் தொழிலில் அந்த ரொக்கத்தின் பெரும்பகுதி, செய்ய வேண்டிய வேலைக்காக வாடிக்கையாளர் தந்தது. எனவே அந்த 20 லட்சத்தைக் கடனாகவே நடத்த வேண்டும்: ஒன்று அதை வங்கிக் கணக்கில் விட்டுச்செல்லட்டும், அல்லது விலையில் கழித்துக்கொள்ளட்டும். செலவுத் தொகையான 20-ஐக் கழிப்பதா, முழு 34-ஐக் கழிப்பதா என்பதில் வாங்குபவரும் விற்பவரும் வாதாடுவது வழக்கம். குறைந்தது 20 என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முன்பு குறித்துவைத்த 9 லட்சம் இங்கேதான் விளங்குகிறது. ஒப்பந்தக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் வந்துவிடுகிறது. நடுவில், வெயில் காலத்துக்குச் சற்று முன்பு உதிரிபாகங்களை வாங்கிக் குவிக்க வேண்டும், அப்போது கையில் பணம் இருக்காது. அந்த இடைவெளியை உரிமையாளர் தன் பணத்தால் நிரப்பினார். அன்றாடம் தொழிலை ஓட்டக் கையில் இருக்க வேண்டிய இந்தப் பணத்துக்கு ‘நடைமுறை மூலதனம்’ என்று பெயர். விலைக்கு மேல் 9 அல்லது 10 லட்சம் உங்கள் கையில் தனியாக இருந்தால்தான் முதல் வெயில் காலத்தைத் தாண்ட முடியும். கடைசி நாள் இருப்பை மட்டும் பார்த்தால் இது தெரியாது, மாதவாரி வங்கி இருப்பைப் பார்க்க வேண்டும்.

கிடங்கிலுள்ள சரக்கை ஒரு பிற்பகலில் சுற்றிப் பார்த்துவிடலாம். 24 லட்சம் என்று எழுதியிருக்கும் சரக்கில், ஒன்றரை ஆண்டாக ஒரு பெட்டிகூட வெளியே போகாத பாகங்களைத் தனியாகக் குறித்துக் கேளுங்கள். தூசி பெரும்பாலும் பொய் சொல்லாது.

## எந்த வடிவில் வாங்குவது

இதை விரிவாகப் பார்க்க வேண்டியது வக்கீல். ஆனால் முன்மொழிவில் ஒரு வரி எழுத வேண்டியிருப்பதால் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் நிறுவனம் அப்படியே உங்களுடையது. ஒப்பந்தங்களும் உரிமங்களும் பெரும்பாலும் தொடரும், ஆனால் தெரிந்த கடனோடு தெரியாத கடனும் வழக்கும் கூடவே வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால் வேண்டியதைப் பொறுக்கி எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சொத்து வாங்கினால் பழையது எதுவும் ஒட்டாது என்று நினைப்பதும் தவறு. ஊழியர்களின் உரிமைகளும் சில வகை வரிப் பாக்கிகளும் பல நாடுகளில் புதிய உரிமையாளரைத் தொடர்ந்து வரும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முன்மொழிவுக்கு முன்பே ஒருமுறை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

## எழுத வேண்டிய விலை

இப்போது கையில் இருப்பவை: நம்பத்தக்க உரிமையாளர் வருவாய் 26 லட்சம். அந்த அளவு லாபத்தையே சுமக்கும் ஒரே வாடிக்கையாளர். செய்து தர வேண்டிய 20 லட்சச் செலவுள்ள வேலை. தனியாக வைத்திருக்க வேண்டிய 10 லட்சம்.

மூன்று மடங்கு என்பது விற்பவர் சொன்னது. மடங்கு என்பது ஆபத்தின் அளவுகோல். வருமானம் உறுதியாகத் தொடரும் என்றால் கூடும், ஒருவரை நம்பியிருந்தால் குறையும். ‘அ’-வின் பங்கைப் பார்த்த பிறகு நானாக இருந்தால் இரண்டரைக்கு மேல் போகமாட்டேன். அது 65 லட்சம். முன்கட்டணத்துக்கான 20 லட்சத்தை நிறுவனக் கணக்கில் விட்டுச்செல்ல வேண்டும் என்று தனி வரியாக எழுதுவேன். விலைக்குள் கலந்து 45 என்று எழுதினால், ஏன் குறைந்தது என்று விற்பவருக்குப் புரியாது, கோபம் மட்டும் வரும்.

‘அ’ விஷயத்தில் பலர் சொல்லும் யோசனை, விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வாடிக்கையாளர் ஓராண்டு தொடர்ந்தால் கொடுப்பது. சிறிய வாடிக்கையாளர் என்றால் அது சரி. இங்கே அந்த ஒருவர் போனால் லாபமே இல்லை, எனவே 20 லட்சத்தை நிறுத்திவைத்து என்ன பயன்? மீதி 45 லட்சம் போய்விட்டிருக்குமே. ஆகவே இதை நிபந்தனையாகவே எழுத வேண்டும்: ‘அ’-வின் எழுத்துபூர்வச் சம்மதமும், குறைந்தது இரண்டாண்டுக்கான புதிய ஒப்பந்தமும் கிடைத்தால்தான் விற்பனை முடியும். அந்த வாடிக்கையாளரை நேரில் சந்திப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், விற்பவரும் உடனிருக்க, நடக்கட்டும். முன்கூட்டியே சந்தித்தால், விற்பனை நடக்காமல் போகும்போது பாதிக்கப்படுபவர் விற்பவர்.

விலைக்குக் கீழே அது எந்த எண்களை நம்பி எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: உரிமையாளர் வருவாய் 26 லட்சம், கிடங்கு வாடகை ஆண்டுக்கு 6 லட்சம், பாக்கி வேலை 34 லட்சம் மதிப்பு, சான்றிதழ் பெற்ற தொழிலாளர்கள் இத்தனை பேர், விற்பவர் ஆறு மாதம் உடனிருந்து வேலையை ஒப்படைப்பார். பின்னர் ஆடிட்டர் வேறு எண்ணைக் கண்டுபிடித்தால், விலையை மாற்ற அதுவே காரணமாக நிற்கும். அதேபோல் விற்பவர் கிடங்கைப் பழைய வாடகைக்கே ஐந்தாண்டுக்கு எழுதித் தர முன்வந்தால், வருவாய் 29 ஆகும், விலையும் 72.5 லட்சமாக உயரும். கணக்கு திறந்திருந்தால் பேரம் இப்படிக் காரணங்களின் மேல் நடக்கும்.

வங்கி அறிக்கையை முன்மொழிவுக்குப் பிறகுதான் காட்டுவேன் என்று பிடிவாதமாகச் சொல்லும் விற்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரே எண்ணைத் தராதீர்கள். 55 முதல் 65 வரை என்று ஒரு வரம்பை எழுதி, பண ஒத்துப்பார்ப்பு முடிந்ததும் விலை உறுதியாகும் என்று அதன் கீழேயே குறிப்பிடுங்கள். வரித் தாக்கல்களையும் காட்ட மறுத்தால் எழுதவே வேண்டாம்.